அரசு கொட்டிய பணம் எங்கே போனது?

1995 பிப்ரவரி 27. கனடாவின் நிதியமைச்சர் பால் மார்ட்டின், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்தார். மூன்று ஆண்டுகளில் சுமார் 2,500 கோடி கனடா டாலர் அரசுச் செலவு வெட்டப்படும், மத்திய அரசில் 45,000 வேலையிடங்கள் போகும் என்று அறிவித்தார். மாகாணங்களுக்குச் செல்லும் நிதியும் பெருமளவு குறைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கனடா அதுவரை கண்டிராத வெட்டு அது.

அப்போது நாட்டில் வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பொருளாதாரப் பாடப்புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களை மட்டும் படித்த எவரும் நடுங்கியிருப்பார்கள். அரசு செலவைக் குறைத்தால் யாரோ ஒருவருடைய வருமானம் குறையும். அவர் கடைக்குப் போவது குறையும். கடைக்காரர் வருமானமும் சரியும். இப்படியே தொடர்ந்து நாடு மந்தநிலையில் விழவேண்டும்.

அப்படி விழவில்லை. 1996-ல் வளர்ச்சி மந்தமாக இருந்தது உண்மைதான். ஆனால் 1997-ல் அது 4 சதவீதத்தைத் தாண்டியது. 1997-98 நிதியாண்டில் பட்ஜெட் உபரிக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கனடா மத்திய அரசு கண்ட முதல் உபரி அது.

அரசு விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள்? பெருமளவுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள். கனடா டாலர் மலிவாக இருந்தது. ஒன்டாரியோவின் கார் உதிரிபாகங்களும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரமும் எல்லை தாண்டிக் குவிந்தன. 1990-களின் தொடக்கத்தில் நாட்டு உற்பத்தி மதிப்பில் கால் பங்காக இருந்த ஏற்றுமதி, 2000-ல் அதில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தொட்டது.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள உதவும் படம் ஒன்று, மார்ட்டின் பட்ஜெட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. வரைந்தவரும் ஒரு கனடியரே.

இரண்டு பேர், ஒரே முடிவு

ராபர்ட் மண்டெல் 1932-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1961 முதல் 1963 வரை வாஷிங்டனில் ஐ.எம்.எஃப். எனப்படும் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். அதே பிரிவில் மார்க்கஸ் ஃபிளெமிங் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளரும் இருந்தார். ஃபிளெமிங்கின் கட்டுரை 1962-லும் மண்டெலின் கட்டுரை 1963-லும் வெளியாயின. தனித்தனியாக எழுதினாலும் இருவரும் கேட்டது ஒரே கேள்வி: நாணயத்தின் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருக்கும் நாட்டிலும் அது சந்தையில் மிதக்கும் நாட்டிலும் அரசின் செலவு ஒரே விளைவைத் தருமா? தராது என்பதே இருவரும் கண்ட விடை. அதனால் இந்தக் கோட்பாடு இன்று மண்டெல்-ஃபிளெமிங் மாதிரி என்றே அழைக்கப்படுகிறது. மண்டெலுக்கு 1999-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அன்று இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றியிருக்கும். உலகின் முக்கிய நாணயங்கள் எல்லாம் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருந்த காலம் அது. ஆனால் கனடா மட்டும் 1950 செப்டம்பர் இறுதியில் கட்டை அவிழ்த்து, தன் நாணயத்தை மிதக்கவிட்டிருந்தது. 1962 மே மாதம் அமெரிக்க நாணயத்தில் 92.5 சென்ட் என மறுபடி கட்டும்வரை, அது பன்னிரண்டு ஆண்டுக்காலம் மிதந்தது. பக்கத்திலேயே நியூயார்க் பணச் சந்தை. எல்லையைத் தாண்டி முதலீடு போகவும் வரவும் பெரிய தடை இல்லை. மண்டெலின் கேள்விக்கான சோதனைக்கூடம் அவர் பிறந்த மண்ணிலேயே இருந்தது.

ஒரு தாளும் மூன்று கோடுகளும்

படத்தை வாசகர் ஒரு தாளில் தானே வரைந்து பார்க்கலாம். கிடையாக ஒரு கோடு போட்டு, இடமிருந்து வலமாக நாட்டின் மொத்த வருமானம் என்று குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக ஒரு கோடு போட்டு, கீழிருந்து மேலாக வட்டி விகிதம் என்று குறியுங்கள்.

முதல் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது. இதற்கு ஐ.எஸ். கோடு என்று பெயர். பொருள் சந்தையின் கதையைச் சொல்வது இது. வட்டி குறைந்தால் வீடு கட்டுவோரும் ஆலை தொடங்குவோரும் கூடுவார்கள்; வருமானம் பெருகும். அதனால்தான் கோடு கீழே இறங்க இறங்க வலப்பக்கம் போகிறது. அரசு தன் செலவைக் கூட்டினால், அதே வட்டியிலும் வருமானம் கூடும்; முழுக் கோடும் வலப்பக்கம் நகரும். ஏற்றுமதி குறைந்தாலோ இறக்குமதி கூடினாலோ அது இடப்பக்கம் நகரும்.

இரண்டாவது கோடு இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறுகிறது. இது எல்.எம். கோடு. பணத்தின் கதை இதில் இருக்கிறது. வருமானம் கூடினால் கொடுக்கல் வாங்கல் கூடும்; கையிலும் வங்கிக் கணக்கிலும் மக்களுக்கு அதிகப் பணம் தேவைப்படும். மத்திய வங்கி புழக்கத்தில் விட்ட பணமோ அதே அளவில்தான் இருக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டில் வட்டி ஏறும். வட்டி ஏறினால், சும்மா பணம் வைத்திருப்பது நஷ்டம் என்று மக்கள் கையிருப்பைக் குறைத்துக்கொள்வார்கள்; கணக்கு சரியாகும்.

இந்த இரண்டு கோடுகளை 1937-ல் ஜான் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்துவிட்டார். எல்லைகள் மூடிய நாட்டுக்கு அவை போதும். மண்டெலின் பங்கு மூன்றாவது கோடு. உலக வட்டி விகிதத்தின் உயரத்தில், தாளின் குறுக்கே நேராகப் போடப்படும் கிடைக்கோடு அது. மூலதனம் எந்தத் தடையும் இல்லாமல் நகர முடிந்தால், சிறிய நாடு ஒன்றின் வட்டி இந்தக் கோட்டுக்கு மேலோ கீழோ நீடித்து நிற்க முடியாது. மேலே போனால் உலகின் பணம் எல்லாம் உள்ளே பாயும். கீழே போனால் உள்ளூர்ப் பணம் வெளியே ஓடும்.

மூன்று கோடுகளும் சந்திக்கும் புள்ளிதான் நாட்டின் நிலை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த வருமானம் 1,000 கோடி. உலக வட்டி 5 சதவீதம். ஏற்றுமதியும் இறக்குமதியும் சமம்.

பண விதி: மக்களுக்குத் தேவைப்படும் பணம், வருமானத்தில் பாதி. அதிலிருந்து ஒவ்வொரு சதவீத வட்டிக்கும் 20 கோடி கழியும். வருமானம் 1,000, வட்டி 5 என்றால், 500-லிருந்து 100 கழிந்து 400 கோடி. மத்திய வங்கி வெளியிட்டிருப்பதும் சரியாக 400 கோடி.

பொருள் விதி: மக்கள், தொழில், அரசு எல்லாம் சேர்ந்த அடிப்படைச் செலவு 600 கோடி. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் முதலீடு 20 கோடி குறையும். ஒருவர் செலவு இன்னொருவர் வருமானமாகச் சுழல்வதால், செலவில் ஒவ்வொரு ரூபாயும் வருமானத்தில் இரண்டு ரூபாய் ஆகும். வட்டி 5 என்றால், 600-லிருந்து 100 போக மீதி 500. அதன் இரட்டிப்பு 1,000. இரு சந்தைகளும் சமநிலையில் இருக்கின்றன.

இப்போது அரசு கடன் வாங்கி 100 கோடிக்குக் கூடுதலாகச் சாலை போடுகிறது.

வட்டி அசையாது என்று வைத்துக்கொண்டால் வருமானம் 200 கோடி கூடி 1,200 ஆகவேண்டும். எல்லை மூடிய நாட்டில் அவ்வளவு கூடாது. வருமானம் கூடும்போது பணத்தேவையும் கூடி வட்டி ஏறும். தனியார் முதலீடு கொஞ்சம் பின்வாங்கும். கணக்குப் போட்டால் வட்டி 7.5 சதவீதத்திலும் வருமானம் 1,100 கோடியிலும் நிற்கும். பாதிப் பலன் போனாலும் பாதி மிஞ்சுகிறது.

எல்லை திறந்த, நாணயம் மிதக்கும் நாட்டுக்கு வருவோம். வட்டி 5-லிருந்து மேலே நகரத் தொடங்கிய உடனே, உலகெங்கும் உள்ள நிதி மேலாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வேறெங்கும் 5 சதவீதம். இங்கே அதற்கு மேல். இந்த நாட்டின் கடன் பத்திரங்களை வாங்க வருகிறார்கள். அதற்கு முதலில் இந்த நாட்டு நாணயம் வேண்டும். எல்லாரும் அதைக் கேட்பதால் அதன் விலை ஏறுகிறது.

நாணயம் ஏறியதும் இரண்டு பேர் அதை உணர்கிறார்கள். வெளிநாட்டுக்குச் சட்டை விற்பவருக்கு அதே டாலருக்கு உள்ளூர்ப் பணம் குறைவாகக் கிடைக்கிறது. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுகிறார். உள்ளூர்ச் சந்தைக்குப் பொருள் செய்பவரோ, மலிவாகிவிட்ட இறக்குமதியோடு மோதவேண்டியிருக்கிறது. ஏற்றுமதி சரிகிறது, இறக்குமதி ஏறுகிறது. வலப்பக்கம் நகர்ந்த ஐ.எஸ். கோடு இடப்பக்கம் திரும்பத் தொடங்குகிறது.

எதுவரை திரும்பும்? இந்தக் கோட்பாட்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வட்டி 5-க்கு மேல் இருக்கும்வரை வெளிப்பணம் வந்துகொண்டே இருக்கும். நாணயம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே வட்டி மறுபடி 5-ஐத் தொடும்வரை ஐ.எஸ். கோடு நகரும். வட்டி 5, புழக்கத்தில் உள்ள பணம் 400 கோடி என்று இரண்டும் உறுதியாகிவிட்டால், பணச் சந்தை சமநிலைக்கு வரக்கூடிய வருமானம் ஒன்றே ஒன்றுதான். அது பழைய 1,000 கோடி.

சாலை போட்டாயிற்று. 100 கோடி செலவும் ஆயிற்று. ஆனால் நிகர ஏற்றுமதி அதே 100 கோடி சரிந்திருக்கிறது. நாட்டின் மொத்த வருமானம் ஒரு ரூபாய்கூட நகரவில்லை. பட்ஜெட்டில் 100 கோடி பற்றாக்குறை. வெளிநாட்டு வாணிபத்திலும் 100 கோடி பற்றாக்குறை. அரசுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டவர், அந்தக் கடனைக் கடைசியில் பொருளாகவே இறக்குமதியில் தந்திருக்கிறார்கள்.

மூடிய நாட்டில் அரசுச் செலவு தனியார் முதலீட்டைத் தள்ளிவிடும் என்பது பலருக்கும் தெரிந்த வாதம். மிதக்கும் நாணயத்தில் அடி வாங்குவது முதலீடு அல்ல. ஏற்றுமதியாளரும் இறக்குமதியோடு போட்டியிடும் உள்ளூர்த் தொழிலும்தான் இடம் கொடுத்து ஒதுங்குகிறார்கள்.

நாணயத்தைக் கட்டியிருந்தால்?

அதே 100 கோடிச் செலவை, நாணயத்தின் விலையை அசையவிடமாட்டேன் என்று உறுதி சொன்ன நாடு செய்தால் முடிவு தலைகீழ். வெளிப்பணம் உள்ளே வந்து நாணயத்தை மேலே தள்ளப் பார்க்கும்போது, மத்திய வங்கி அந்த வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பணத்தைச் சந்தையில் விடவேண்டியிருக்கும். புழக்கம் 400 கோடியிலிருந்து 500 கோடியாகும். எல்.எம். கோடே வலப்பக்கம் நகர்ந்துவிடும். வட்டி 5, வருமானம் 1,200. நிதிக் கொள்கையின் முழுப் பலனும் கிடைக்கும்.

ஆக, மிதக்கும் நாணய நாட்டில் செலவைத் தோற்கடிப்பது, பணத்தின் அளவு அசையாமல் இருப்பதும் வட்டி உலகச் சந்தையில் கட்டுண்டு கிடப்பதும் சேர்ந்ததுதான். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் முடிவு மாறும். பின்னால் வரும் விதிவிலக்குகள் எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன.

கனடா முதல்முறை கற்றது

1957 முதல் 1961 வரை கனடாவில் நடந்ததை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். பிரதமர் ஜான் டீஃபன்பேக்கரின் அரசு பெரிய பற்றாக்குறை பட்ஜெட்டுகள் போட்டது. மத்திய வங்கியின் ஆளுநர் ஜேம்ஸ் காய்ன் பணவீக்கத்துக்கு அஞ்சிப் பணத்தை இறுக்கிப் பிடித்தார். ஐ.எஸ். கோட்டை அரசு வலப்பக்கம் தள்ளியது; எல்.எம். கோட்டை வங்கி அசையவிடவில்லை.

வட்டி ஏறியது. அமெரிக்க மூலதனம் வந்து குவிந்தது. கனடா டாலர் அமெரிக்க டாலரைவிட விலை கூடியதாக நின்றது. 1957-ல் அது 1.06 அமெரிக்க டாலர் வரை போனது. ஏற்றுமதித் தொழில்கள் திணறின. பற்றாக்குறை பட்ஜெட் போட்டும் 1958-லும் 1961-லும் வேலையின்மை 7 சதவீதத்தை ஒட்டி நின்றது. அரசுக்கும் வங்கிக்கும் மோதல் முற்றி, 1961 ஜூலையில் காய்ன் பதவி விலகினார். அவரைப் பொருளியலாளர்கள் பலர் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்கள். மிதக்கும் நாணயத்தில் வேலைவாய்ப்பைத் தூக்கும் வலு பணக் கொள்கையிடம் இருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரசு எவ்வளவு செலவழித்தாலும் அது நாணய விலையேற்றத்தில் கரையும். மண்டெலின் படம் சொன்னதும் இதுவே.

1995: படத்தைத் திருப்பிப் பிடித்தால்

செலவைக் கூட்டினால் பலனில்லை என்பது உண்மையானால், செலவைக் குறைத்தால் பாதிப்பும் பெரிதாக இருக்கக்கூடாது. மார்ட்டின் பட்ஜெட் நடத்திப் பார்த்தது இந்தத் தலைகீழ்ச் சோதனையைத்தான்.

கோடுகள் எதிர்த்திசையில் நகர்கின்றன. அரசுச் செலவு குறைய, ஐ.எஸ். இடப்பக்கம் போகிறது. வட்டி கீழே இறங்கப் பார்க்கிறது. நாணயம் மலிவாகிறது. ஏற்றுமதி எழுந்து, ஐ.எஸ். கோட்டை மறுபடி வலப்பக்கம் இழுக்கிறது.

நடப்பில் கனடா வங்கி இந்த வேலையைக் காத்திருக்காமல் தானே முன்னின்று செய்தது. 1990-களில் அந்த வங்கி ஓர் அளவுகோல் வைத்திருந்தது. நாணயம் 3 சதவீதம் விலையேறினால், அது வட்டியை ஒரு சதவீதப் புள்ளி உயர்த்தியதற்குச் சமமான இறுக்கம் என்று கணக்கிட்டது. நாணய மதிப்பே ஒரு வட்டிபோல வேலை செய்கிறது என்பதை ஒரு மத்திய வங்கி எண்ணில் எழுதி வைத்துக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது. பட்ஜெட் இறுகியபோது, வங்கி மறுபக்கம் தளர்த்தியது. 1995 தொடக்கத்தில் 8 சதவீதத்தை ஒட்டி இருந்த குறுகியகால வட்டி, 1996 முடிவில் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கியது. கனடா டாலர் 1991-ல் இருந்த 87 சென்டிலிருந்து 1995-ல் 70 சென்ட் பக்கம் வந்திருந்தது; அதன் பிறகும் அது வலுப்பெறவில்லை.

இந்த முழு வெற்றியையும் படத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. டாலர் சரிவின் பெரும்பகுதி பட்ஜெட்டுக்கு முன்பே நடந்துவிட்டது. பக்கத்து வீடான அமெரிக்கா அப்போது செழித்துக்கொண்டிருந்தது. 1994-ல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. கடன் சுமையைக் கண்டு அஞ்சிய முதலீட்டாளர்கள் கேட்ட கூடுதல் வட்டியும், பற்றாக்குறை சுருங்கச் சுருங்கக் குறைந்தது. இவற்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் கதை கடினமாகியிருக்கும். ஆயினும் நாணயம் கட்டப்பட்ட நாடாக இருந்திருந்தால், இதே வெட்டுக்கு ஏற்றுமதியின் இந்தத் தாங்கல் கிடைத்திருக்காது.

படம் பொய்க்கும் இடங்கள்

முதல் விதிவிலக்கு பெரிய நாடு. 1981-ல் ரொனால்ட் ரீகன் வரிகளை வெட்டி, ராணுவச் செலவைக் கூட்டினார். பால் வோல்க்கர் தலைமையிலான மத்திய வங்கி பணத்தை இறுக்கிப் பிடித்தது. டாலர் 1985 பிப்ரவரி வரை ஏறிக்கொண்டே போனது; வாணிபப் பற்றாக்குறை 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 22-ல் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி டாலரை இறக்க ஒப்பந்தம் செய்யவேண்டிவந்தது. படம் சொன்ன திசை அத்தனையும் சரி. ஆனால் அமெரிக்கா 1984-ல் 7 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. காரணம், அது கடன் வாங்கினால் உலக வட்டியே ஏறிவிடும். கிடைக்கோடே மேலே நகர்ந்துவிடுவதால், செலவின் பலனில் ஒரு பகுதி தப்பிப் பிழைக்கிறது.

இரண்டாவது, வட்டி தரையில் கிடக்கும் காலம். 2009 ஏப்ரலில் கனடா வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கி, அடுத்த ஆண்டு நடுப்பகுதிவரை அங்கேயே வைத்திருக்க எண்ணுவதாக முன்கூட்டியே அறிவித்தது. அதே நேரத்தில் அரசும் பெரிய ஊக்கச் செலவில் இறங்கியது. வட்டியை ஏறவிடாமல் வங்கி தேவையான பணத்தை எல்லாம் தரும்போது, எல்.எம். தடையாக நிற்காது, நாணயம் ஏறவும் காரணம் இல்லை. அந்த நேரத்தில் நிதிக் கொள்கைக்கு இழந்த பலம் திரும்புகிறது.

மூன்றாவது காலம். நாணயம் நிமிடத்தில் மாறும். ஆனால் ஏற்றுமதி ஆணைகள் மாதங்களுக்கு முன்பே கையெழுத்தானவை. வாடிக்கையாளர் மாறவும் புதுச் சந்தை பிடிக்கவும் ஓராண்டு, ஈராண்டு ஆகும். அந்த இடைவெளியில் அரசுச் செலவு வேலை தரத்தான் செய்யும். சந்தை இந்த நாணய ஏற்றம் தற்காலிகமே என்று எண்ணினாலும், முழு விளைவு கிடைக்காது.

நான்காவது அச்சம். 2022 செப்டம்பர் 23-ல் பிரிட்டனில் லிஸ் டிரஸ் அரசு கடன் வாங்கிப் பெரும் வரிச்சலுகை அறிவித்தது. படத்தின்படி பவுண்டு ஏறவேண்டும். அது விழுந்தது, மூன்று நாளில் 1.04 டாலருக்கும் கீழே போனது. கடன் பத்திரங்களின் வட்டியோ தாறுமாறாக ஏறியது. அந்த வட்டி உயர்வு முதலீட்டாளரை அழைக்கவில்லை. அவர்கள் கேட்ட ஆபத்துக் கூலி அது.

எந்தக் கதை நடக்கிறது என்று செய்தித்தாள் வாசகரே இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அரசு செலவை அறிவித்ததும் வட்டியும் நாணயமும் சேர்ந்து ஏறினால் அது மண்டெலின் கதை. வட்டி ஏறி நாணயம் விழுந்தால் அது நம்பிக்கை உடைந்த கதை. வட்டியும் நாணயமும் அசையவே இல்லையென்றால், மத்திய வங்கி இடம் கொடுத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இந்தப் படத்தை அப்படியே பொருத்த முடியாது. ரூபாய் மிதக்கிறது என்றாலும், ரிசர்வ் வங்கி அடிக்கடி டாலர் வாங்கியும் விற்றும் அதன் ஏற்றஇறக்கத்தைத் தணிக்கிறது. வெளிநாட்டவர் அரசுக் கடன் பத்திரம் வாங்கவும், இந்தியர் பணத்தை வெளியே கொண்டுபோகவும் வரம்புகள் இருக்கின்றன. இங்கே மூன்றாவது கோடு கிடைக்கோடாக இருக்காது, சாய்ந்து மேலேறும். அதனால் செலவின் பலன் முழுதாய்க் கரையாது. முழுதாய் நிற்கவும் செய்யாது. ஆனால் கடன் பத்திரச் சந்தை திறக்கத் திறக்க, அந்தக் கோடு படுக்கத் தொடங்கும்.

மொத்தம் மாறவில்லை, மனிதர் மாறினார்கள்

படம் மறைக்கும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1,000 கோடி 1,000 கோடியாகவே இருக்கிறது என்று அது சொல்லும்போது, உள்ளே யாருடைய ஆயிரம் யாருக்குப் போனது என்பதைச் சொல்வதில்லை. 1950-களின் இறுதியில் பற்றாக்குறையும் இறுக்கிய பணமும் சேர்ந்து வந்தபோது, விலை கொடுத்தது வேலை இழந்த தொழிலாளி. 1995-க்குப் பிறகு விலை கொடுத்தது வேறு ஆட்கள். ஒட்டாவாவில் வேலை போன அரசு ஊழியர், மாகாண மருத்துவமனையில் காத்திருப்போர் வரிசையில் நின்ற நோயாளி, மலிந்த டாலரால் இறக்குமதிப் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுத்த குடும்பம் என்று அந்தச் செலவு பலர் மேல் விழுந்தது. வரவு ஒன்டாரியோவின் கார் ஆலைகளுக்குப் போனது. வேலையின்மை 7 சதவீதத்துக்குக் கீழே வர 2000 ஆகவேண்டியிருந்தது. கனடா டாலர் தன் வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த புள்ளியாக, 62 அமெரிக்க சென்டுக்கும் கீழே, 2002 ஜனவரியில் போனது.